முப்பது நாள், மூன்று சான்று: மாரடைப்பு கிளைம் கடிதம் எழுதுவது எப்படி?

மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய் போன்றவை வந்தால் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லும் பாலிசியைத் தீவிர நோய் பாலிசி என்கிறோம். ஆஸ்பத்திரி பில்லுக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் இலவசமாக ஸ்டென்ட் வைத்தவருக்கும் பத்து லட்சம் பாலிசி இருந்தால் பத்து லட்சம் வரும். ஆனால் நோய் வந்தால் மட்டும் போதாது. பாலிசி சொல்லும் விளக்கத்துக்குள் அந்த நோய் வர வேண்டும். நோய் கண்டறிந்த பிறகு குறிப்பிட்ட நாட்கள் நோயாளி உயிரோடு இருக்கவும் வேண்டும். கிளைம் கடிதத்தின் வேலை இந்த இரண்டையும் நிரூபிப்பதுதான். நம் ஆட்கள் எழுதும் கடிதங்களோ பெரும்பாலும் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியை இணைத்து, "ஆவன செய்யவும்" என்று முடிந்துவிடுகின்றன.

உயிரோடு இருக்க வேண்டும் என்று ஏன் ஒரு நிபந்தனை? இந்தப் பாலிசியை யோசித்தவர் தென்னாப்பிரிக்க இதய அறுவை மருத்துவர் மாரியஸ் பர்னார்ட். 1967-இல் உலகின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்த கிறிஸ்டியன் பர்னார்டின் தம்பி. சிகிச்சையில் பிழைத்த நோயாளிகள் வேலையும் வருமானமும் இல்லாமல் தவிப்பதைப் பார்த்து, பிழைத்தவருக்குப் பணம் தரும் காப்பீடு வேண்டும் என்றார். 1983-இல் அது அங்கே விற்பனைக்கு வந்தது. செத்தால் தர ஆயுள் காப்பீடு இருக்கிறது, இது பிழைத்தவருக்கு என்ற பிரிவினை அன்றே போடப்பட்டது. உயிர்வாழ்வுக் காலம் அந்தக் கோடுதான். இந்தியாவில் பல பாலிசிகளில் அது 30 நாள், சிலவற்றில் 15 அல்லது அதற்கும் குறைவு. உங்கள் பத்திரத்தில் என்ன எண் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். திருவண்ணாமலை தேரடித் தெருவில் கடை வைத்திருப்பவர், வயது 52. 2023 ஆகஸ்டில் பத்து லட்சத்துக்குப் பாலிசி எடுத்தவர், அதனால் ஆரம்ப 90 நாள் காத்திருப்பு எப்போதோ முடிந்துவிட்டது. 2025 நவம்பர் 5, பௌர்ணமி இரவு, கிரிவலப் பாதையில் பாதித் தூரம் போனதும் நெஞ்சை அழுத்துகிறது, இடது கை கனக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. பாதையோர மருத்துவ முகாமில் ஈசிஜி எடுத்து, மாத்திரைகளை விழுங்கவைத்து, 108-இல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இரவு 11.40-க்கு ரத்தம் எடுத்ததில் ட்ரோபோனின் அதிகம். 7-ஆம் தேதி வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் என்று எழுதியிருப்பது: "இதய ரத்தக்குழாய் நோய், அக்யூட் கரோனரி சிண்ட்ரோம், ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப்பட்டது".

இந்த வரியை மட்டும் நம்பி அனுப்பினால் கிளைம் நிற்காது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மாரடைப்புக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒரே விளக்கத்தை வகுத்திருக்கிறது. ரத்த ஓட்டம் போதாமல் இதயத் தசையின் ஒரு பகுதி இறந்திருக்க வேண்டும், அது முதல்முறையாக இருக்க வேண்டும். அதற்கு மூன்று சான்றும் சேர்ந்தே தேவை. மாரடைப்புக்கு உரிய அறிகுறிகள், ஈசிஜியில் புதிதாக வந்த மாற்றங்கள், ட்ரோபோனின் போன்ற ரத்தக் குறியீடுகளின் உயர்வு. விலக்கப்பட்டவை என்று கீழே ஒரு பட்டியலும் உண்டு. ஆஞ்சைனா எனப்படும் நெஞ்சுவலி எந்த வகையானாலும் சேராது. "பிற அக்யூட் கரோனரி சிண்ட்ரோம்" சேராது. ரத்தக்குழாய் வழியே செய்த சிகிச்சைக்குப் பின் ஏறிய ட்ரோபோனினும் சேராது.

நம்மவரின் சம்மரியில் இருப்பது விலக்குப் பட்டியலில் இருக்கும் அதே சொல். டாக்டர் தவறாக எழுதவில்லை. அந்தச் சொல்லுக்குள் மாரடைப்பும் அடங்கும், மாரடைப்பு அல்லாததும் அடங்கும். சிகிச்சைக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தேவைப்படாதபோது அவர் பொதுப்பெயரோடு விட்டுவிடுகிறார். காப்பீட்டு அலுவலகத்தில் இருப்பவரோ அந்த ஒரு வரியைத்தான் முதலில் படிக்கிறார். ஆகவே வேலூர் டாக்டரிடம் போய் ஒரு சான்றிதழ் கேட்க வேண்டும். "டயக்னாசிஸை மாத்திக் குடுங்க" என்று கேட்காதீர்கள், கொடுக்கவும் மாட்டார். "ஐயா, 5-ஆம் தேதி ஈசிஜியும் ட்ரோபோனினும் பார்த்து, இது மாரடைப்பா இல்லையான்னு தேதியோட எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். மாரடைப்பில் ஸ்டெமி, என்ஸ்டெமி என்று இரண்டு வகை பேசுவார்கள். ஈசிஜி மாற்றம் உட்பட மூன்று சான்றும் இருந்தால் என்ஸ்டெமியும் மாரடைப்பே. ட்ரோபோனின் ஏறவே இல்லை என்றால் உண்மையிலேயே இது விளக்கத்துக்குள் வராத நோய், கடிதத்தால் அதை மாற்ற முடியாது. அப்போது பத்திரத்தில் ஆஞ்சியோபிளாஸ்டிக்கென்று தனியாகச் சிறு தொகை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். பைபாஸ் என்ற தலைப்பில் ஸ்டென்ட்டைக் கேட்க முடியாது. அது பைபாஸ் அறுவையே செய்துகொண்டவருக்கு மட்டும்.

இனி காகிதங்கள். நம் ஊர் நோயாளிக்கு உள்ள சிக்கல், முக்கியமான சான்றுகள் கடைசியாகப் படுத்த பெரிய ஆஸ்பத்திரியில் இருக்காது, முதலில் தொட்ட இடத்தில் இருக்கும். முகாமில் கிழித்துக் கொடுத்த ஈசிஜி துண்டுதான் இந்த வழக்கின் உயிர். அது வெப்பத்தாளில் அச்சாவது. சட்டைப்பையில் வியர்வையோடு ஊறினாலோ, வண்டிப் பெட்டியில் வெயிலில் கிடந்தாலோ, பிளாஸ்டிக் உறைக்குள் மாதக்கணக்கில் இருந்தாலோ கோடுகள் மங்கிப்போகும். கிடைத்த அன்றே பெயர், தேதி, நேரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, சாதாரணத் தாளில் ஜெராக்ஸ் போட்டு வையுங்கள். முந்தைய வருடம் ஏதாவது மருத்துவப் பரிசோதனையில் எடுத்த பழைய ஈசிஜி வீட்டில் இருந்தால் அதையும் தேடுங்கள். "புதிய மாற்றம்" என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அரசு மருத்துவமனையின் கேஸ் ஷீட் நகலை மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் மனு கொடுத்து வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று 2002-இன் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அந்த ஷீட்டில் அறிகுறி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். அவசரத்தில் கூட வந்தவர் "கேஸ் டிரபிள்னு நெனச்சோம்" என்று சொல்லியிருந்தால் அதுவே ஏறியிருக்கும். அதை மறைக்க வேண்டாம். அதே ஷீட்டில் நெஞ்சழுத்தம், வேர்வை என்று வேறு பக்கத்தில் இருந்தால் கடிதத்தில் அந்தப் பக்க எண்ணைக் குறிப்பிடுங்கள். ட்ரோபோனின் ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 5-ஆம் தேதி எடுத்த ரத்தம், 7-ஆம் தேதி வைத்த ஸ்டென்ட் என்ற வரிசைதான், சிகிச்சையால் ஏறியது என்ற மறுப்புக்குப் பதில்.

நாள் கணக்குக்கு வருவோம். கிளைம் தகவல் கொடுக்க முப்பது நாள் காத்திருக்கக் கூடாது. தகவல் கொடுக்கத் தனிக் கெடு உண்டு, ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மின்னஞ்சல் அனுப்பிவிடலாம். முப்பது நாள் என்பது பணத்துக்கான தகுதி. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் தகராறு வரும். முதல் ஈசிஜி நாளான நவம்பர் 5-இலிருந்து எண்ணினால் டிசம்பர் 5-இல் முப்பது நிறைகிறது, மகாதீபத்துக்கு இரண்டு நாள் கழித்து. ஆஞ்சியோகிராம் நாளைக் கண்டறிந்த நாளாக நிறுவனம் எடுத்தால் டிசம்பர் 7. ஆகவே இரண்டையும் தாண்டி டிசம்பர் 8-இல் டாக்டரைப் பார்த்து, நோயாளி நேரில் வந்ததாகத் தேதியும் முத்திரையும் உள்ள ஓபி சீட்டு வாங்குவது நல்லது. எந்தக் கணக்கிலும் அது நிற்கும். முப்பது நாள் முடிந்தபின், பணம் வருவதற்குள் நோயாளி இறந்துவிட்டாலும் உரிமை போகாது, நாமினியோ வாரிசோ கேட்கலாம்.

பக்கவாதம் என்றால் இதோடு இன்னொரு கடிகாரம் ஓடும். நரம்புப் பாதிப்பு குறைந்தது மூன்று மாதம் நீடித்ததற்கான சான்று விளக்கத்திலேயே கேட்கப்பட்டிருக்கிறது. முப்பதாம் நாள் முழுக் கோப்பை அனுப்பினால் திரும்பி வரும்.

கடிதத்தை ஒன்றரைப் பக்கத்துக்குள் முடியுங்கள். ஆங்கிலத்தில் எழுதுவோரும் இதே வரிசையில் எழுதலாம்:

"பொருள்: தீவிர நோய்ப் பலன் கோருதல், முதல் மாரடைப்பு. பாலிசி எண் …, கிளைம் எண் …

எனக்கு 05.11.2025 அன்று முதல்முறையாக மாரடைப்பு ஏற்பட்டது. தங்கள் பாலிசியின் … ஆம் பிரிவில் உள்ள விளக்கம் இவ்வாறு நிறைவேறுகிறது.

அறிகுறி: நெஞ்சழுத்தம், இடது கை கனத்தல், வேர்வை. அரசு மருத்துவமனை கேஸ் ஷீட், இணைப்பு 1, பக்கம் 2.

ஈசிஜி: 05.11.2025 இரவு எடுத்தது, இணைப்பு 2. ஒப்பிட 2024-ஆம் ஆண்டு ஈசிஜி, இணைப்பு 3.

ட்ரோபோனின்: 05.11.2025 இரவு 11.40-க்கு எடுத்த ரத்தம், இணைப்பு 4. ஆஞ்சியோபிளாஸ்டி அதன்பின் 07.11.2025 அன்றே நடந்தது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் அக்யூட் கரோனரி சிண்ட்ரோம் என்று பொதுப்பெயர் உள்ளது. அது மாரடைப்பே என்று சிகிச்சை அளித்த இதய மருத்துவர் சான்றளித்துள்ளார், இணைப்பு 5.

உயிர்வாழ்வுக் காலம்: 05.11.2025 முதல் கணக்கிட்டால் 05.12.2025 அன்றும், 07.11.2025 முதல் கணக்கிட்டால் 07.12.2025 அன்றும் 30 நாள் நிறைவடைந்தது. 08.12.2025 அன்று நேரில் பரிசோதிக்கப்பட்ட சீட்டு, இணைப்பு 6.

காப்பீட்டுத் தொகை ரூ.10,00,000-ஐ வழங்கக் கோருகிறேன். மறுப்பதாயின் எந்தப் பிரிவின், எந்த வரியின்படி என்று எழுத்தில் தெரிவிக்கவும்."

சம்மரியின் பலவீனமான சொல்லைக் கடிதமே எடுத்துப் பேசுவதைக் கவனியுங்கள். மறைத்தால் அவர்கள் கண்டுபிடித்து மறுப்பார்கள். நாமே சொல்லி ஆதாரத்தையும் கையில் கொடுத்தால், மறுக்க டாக்டர் சான்றிதழைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி ரசீதை வையுங்கள். மறுப்பு வந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு இதே கடிதத்தை மறுப்பு வரிக்கான பதிலோடு அனுப்ப வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சென்னை அலுவலகம். ஐம்பது லட்சம் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள், கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க அனுமதியும் கிடையாது. அங்கே விசாரணைக்குப் போகும்போது மங்காத ஈசிஜி நகலை மேலே வைத்துக் கோப்பைக் கட்டிக்கொண்டு போங்கள்.