ஒரே காய்ச்சல், ஒரே மாத்திரையா?

களமசேரி கொச்சிக்குப் பக்கத்தில் உள்ள நகரம். இங்கே தொழிற்சாலைகள் நிறைய. வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. வீடுகள் நெருக்கமாக இருக்கும். ஒரு வீட்டில் சர்க்கரை இல்லை என்றால் அடுத்த வீட்டில் வாங்கிக்கொள்வார்கள். மாத்திரையையும் அப்படியே வாங்கிக்கொள்வார்கள்.

அது மழைக்காலம். அங்கன்வாடித் திண்ணையில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஆஷா பணியாளர் பேச வந்திருந்தார். எல்லோரும் அவரை ஆஷா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்தார்.

"தோள்பட்டை வலிக்கு டாக்டர் கொடுத்தார் அம்மா. ரெண்டே நாளில் வலி போச்சு. மீதி நாலு இருக்கு. அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி என்கிறாள். இதைக் கொடுக்கலாம் என்று எடுத்து வந்தேன்."

"கொடுத்துவிட்டீர்களா பாட்டி?"

"இல்லை. உன்னைக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று இருந்தேன்."

"நல்ல வேளை. இதைப் பற்றியே இன்றைக்குப் பேசுவோம்" என்றார் ஆஷா அக்கா.

வலி ஒன்று, காரணம் வேறு

"பாட்டிக்கும் வலி. அந்தப் பெண்ணுக்கும் வலி. சொல் ஒன்றுதான். பாட்டியின் வலி தோள் மூட்டில் உள்ள வீக்கத்தால் வந்தது. இந்த மாத்திரையின் பெயர் டைக்ளோஃபெனாக். அது வீக்கத்தைக் குறைக்கும். அதனால் பாட்டிக்கு வலி போயிற்று.

"அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சலோடு வலி. மழைக்காலத்தில் நம் ஊரில் அது டெங்குவாக இருக்கலாம். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சாதாரணக் காய்ச்சலாகவும் இருக்கலாம். முதல் இரண்டு நாள் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. பார்த்த உடனே டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இரத்தத்தைச் சோதித்துத்தான் சொல்வார்."

"எதுவாக இருந்தால் என்ன அக்கா? வலி போனால் போதாதா?" என்று ஒரு பெண் கேட்டார்.

டெங்குவில் என்ன நடக்கிறது?

"கையில் கத்தி பட்டால் இரத்தம் வருகிறது. சிறிது நேரத்தில் தானே நின்றுவிடுகிறது. இரத்தத்தில் தட்டணுக்கள் என்று சிறு அணுக்கள் இருக்கின்றன. அவை ஒன்று சேர்ந்து காயத்தை அடைக்கின்றன. அதனால்தான் இரத்தம் நிற்கிறது.

"டெங்கு வந்தால் இந்தத் தட்டணுக்கள் குறைகின்றன. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை, மீதி இருக்கும் தட்டணுக்களையும் சரியாக வேலை செய்ய விடாது. வயிற்றின் உள்தோலையும் புண்ணாக்கும். வயிற்றில் புண். அடைக்க ஆள் இல்லை. உள்ளே இரத்தம் கசியும். வெளியே தெரியாது. மலம் தார் போலக் கறுப்பாகப் போகும்போதுதான் தெரியும். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மாத்திரைகளும் இப்படித்தான்.

"இன்னொரு ஆபத்தும் உண்டு. டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். நோய் போய்விட்டது என்று நினைப்போம். சிலருக்கு அப்போதுதான் ஆபத்து தொடங்கும். விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, பல் ஈறில் இரத்தம், கறுப்பு மலம், மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரவு என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது."

திண்ணையில் யாரும் பேசவில்லை. பாட்டி கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எலிக்காய்ச்சலாக இருந்தால்?

"எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இந்தக் கிருமி இருக்கும். காலில் உள்ள புண், வெடிப்பு வழியாக உள்ளே போகும். கெண்டைக்கால் மிகவும் வலிக்கும். கண் சிவக்கும். இந்த நோய் சிறுநீரகத்தைத் தாக்கும். வலி மாத்திரையும் சிறுநீரகத்துக்குச் சுமைதான். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? சிறுநீர் குறையும். சிறுநீரகம் வேலை செய்யாமலே போகலாம்.

"இதற்கு வேறு மருந்து இருக்கிறது. சீக்கிரம் தொடங்கினால் குணமாகும். பக்கத்து வீட்டு மாத்திரையால் காய்ச்சல் கொஞ்சம் இறங்கும். நாமும் வீட்டிலேயே இருந்துவிடுவோம். அந்த இரண்டு மூன்று நாள்தான் உயிருக்கு விலை."

வாரம் ஒரு முறை மாத்திரை

ஓடை சுத்தம் செய்யும் வேலைக்குப் போகும் ஒரு பெண் எழுந்தார்.

"அக்கா, 2018 வெள்ளத்தின்போது எங்களுக்கு எலிக்காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். இப்போதும் வாங்குகிறேன். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அதில் ஒன்று கொடுக்கலாமா?"

"கூடாது. அதன் பெயர் டாக்ஸிசைக்ளின். சேற்றுத் தண்ணீரில் வேலை செய்கிறவர்களுக்கு, நோய் வராமல் தடுக்க, வாரம் ஒரு முறை கொடுப்பது. காய்ச்சல் வந்த பிறகு அந்த ஒரு வேளை போதாது. டாக்டர் சொல்லும் அளவில், சொல்லும் நாள்வரை சாப்பிட வேண்டும். டெங்குவுக்கு அது மருந்தே இல்லை. கர்ப்பிணிக்கும் சிறு குழந்தைக்கும் டாக்டர் சொல்லாமல் அதைக் கொடுக்கவே கூடாது. உங்களுக்குக் கொடுத்தது உங்கள் வேலைக்காக. அதை நீங்கள் மட்டும் சாப்பிடுங்கள்."

எப்படித் தெரிந்துகொள்வது?

"பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறதே. எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பாட்டி கேட்டார்.

"அட்டையைத் திருப்புங்கள் பாட்டி. ஓரத்தில் மேலிருந்து கீழாக என்ன இருக்கிறது?"

"சிவப்பாக ஒரு கோடு."

"அதுதான் அடையாளம். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் இதைச் சாப்பிடக் கூடாது என்று பொருள். கோடு இல்லாத மாத்திரை எல்லோருக்கும் ஆகும் என்று நினைக்க வேண்டாம். ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து கலந்தும் வரும். காய்ச்சல் மாத்திரை என்று நினைப்போம். அதற்குள் வலி மருந்தும் இருக்கும். மாத்திரையை அட்டையோடு வைத்திருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அட்டையைக் காட்டுங்கள்.

"சிலர் இதய நோய்க்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுவார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் தாங்களாக நிறுத்த வேண்டாம். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்."

"சரி அம்மா. அந்தப் பெண்ணுக்கு இப்போது என்ன செய்வது?"

"கஞ்சித் தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் அடிக்கடி கொடுக்கச் சொல்லுங்கள். கொசு வலைக்குள் படுக்கட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். அதையும் சுகாதார நிலையத்தில் சொல்லும் அளவில்தான் சாப்பிட வேண்டும். என்றைக்குக் காய்ச்சல் தொடங்கியது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். கூட்டம் முடிந்ததும் நானும் வருகிறேன். அவளை அழைத்துக்கொண்டு போவோம்."

பாட்டி எழுந்தார். "மாத்திரை கொடுக்க நினைத்தேன். கஞ்சி வைத்துக் கொடுக்கிறேன்" என்றார்.

நினைவில் கொள்வோம்

காய்ச்சலோடு உடம்பு வலி இருந்தால் பிறர் வீட்டு வலி மாத்திரை சாப்பிடக் கூடாது.
காய்ச்சல் இறங்கிய பிறகும் ஆபத்து அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்.
மாத்திரையை அட்டையோடு வைத்து, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பதில் எழுதுங்கள்

1. பாட்டிக்கு நல்லது செய்த மாத்திரை டெங்கு வந்தவருக்கு ஏன் கெடுதல் செய்யும்?
2. டெங்குவின் ஆபத்து அறிகுறிகள் மூன்றை எழுதுங்கள்.
3. உங்கள் வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளை எடுத்துப் பாருங்கள். சிவப்புக் கோடு உள்ளவை எத்தனை? அவை யாருக்காக, எந்த நோய்க்காகக் கொடுத்தவை?