படத்தில் நிழல், டப்பாவில் சளி

நம்பிக்கை: எக்ஸ்ரேயிலேயே டி.பி. என்று தெரிந்துவிட்டது. அதன்பிறகும் சளியைக் கேட்பது வீண் அலைச்சல்.

உண்மை: எக்ஸ்ரேயில் தெரிவது கிருமி அல்ல, கிருமி செய்த சேதம். பெரியவர்களுக்கு வரும் காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேல்மடலில்தான் இடம்பிடிக்கும். அங்கே ஆக்சிஜன் அதிகம், நிணநீர் வடிவது குறைவு என்று காரணம் சொல்வார்கள். காறையெலும்பை ஒட்டித் திட்டுத்திட்டாகத் தெரியும் வெள்ளை நிழல் அதனால்தான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. அந்த இடத்துத் திசு செத்து, பாலாடைக்கட்டி போலாகி, பிறகு இளகி இருமலோடு வெளியேறிவிட்டால் மிஞ்சுவது காற்று நிறைந்த குழி. படத்தில் அது வெள்ளை வளையத்துக்குள் கறுப்பாகத் தெரியும்.

ஆனால் கல்குவாரித் தூசியால் வரும் சிலிகோசிஸும் மேல்மடலில்தான் நிழல் போடும். புற்றுநோய்க் கட்டியின் நடுப்பகுதி செத்துப்போனாலும் குழி விழும். இன்னொரு வகையை மருத்துவர்கள் அடிக்கடி சந்திப்பார்கள். பல வருடங்களுக்கு முன் டி.பி.க்கு முழுமையாக மருந்து சாப்பிட்டுக் குணமான ஒருவருக்கு இப்போது சளியில் ரத்தம் வருகிறது. படத்தில் வலது மேல்மடலில் குழி. 'திரும்ப வந்துவிட்டது' என்று வீடே முடிவுகட்டிவிடும். சளியிலோ கிருமி இல்லை, கல்ச்சரிலும் வளரவில்லை. படத்தைக் கூர்ந்து பார்த்தால் குழிக்குள் ஓர் உருண்டை, அதற்கு மேலே பிறை வடிவில் காற்று. படுக்கவைத்து எடுத்தால் உருண்டை நகர்ந்திருக்கிறது. ஆறிய பழைய குழியில் பூஞ்சை வளர்ந்திருக்கிறது! டி.பி. மாத்திரை இதை ஒன்றும் செய்யாது.

சரி, நிழல் டி.பி.யேதான் என்று வைத்துக்கொள்வோம். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்பதை எந்தப் படமும் சொல்லாது. சிபிநாட் போன்ற மரபணுச் சோதனை, கிருமி இருப்பதையும் ரிஃபாம்பிசின் மருந்தை அது எதிர்க்கிறதா என்பதையும் சுமார் 2 மணி நேரத்தில் காட்டிவிடும். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. முன்பு சிகிச்சை பெற்றவரின் சளியில் செத்த கிருமியின் மரபணுவையும் அது பிடித்துவிடலாம். அங்கே வாரக்கணக்கில் காத்திருந்தாலும் கல்ச்சர்தான் கைகொடுக்கும். உயிருள்ள கிருமிதான் அதில் வளரும்.

நம்பிக்கை: சளியில் 'நெகடிவ்' என்றால் டி.பி. இல்லை.

உண்மை: அதுவும் சரியில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குப் பட ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது வேண்டும். குழி விழுந்தவரின் சளியில் அவ்வளவு இருப்பது சகஜம். குழி விழாதவரிடம் பல நேரம் இராது. சளியைச் சரியாக எடுக்காததால் பாதி 'நெகடிவ்' டப்பாவிலேயே உருவாகிறது என்றுகூடச் சொல்லத் தோன்றும். வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். காலையில் எழுந்ததும் எடுப்பது நல்லது. கெட்டியாகவோ மஞ்சளாகவோ வந்தால் சளி. தண்ணீர்போல் நுரைத்து நின்றால் எச்சில். ஆய்வகத்தில் இன்னொரு டப்பா கொடுப்பார்கள்.