விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவுக்கு நீங்கள் அட்மினா?

மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா, மூணாறு தலைப்பிலிருந்து கோரையாற்றுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா, கொள்முதல் நிலையத்தில் இன்று எடை உண்டா, சாக்கு இருக்கிறதா? நீடாமங்கலம் பக்கம் இதையெல்லாம் இப்போது குழுவில்தான் கேட்டுக்கொள்கிறோம். நூறு பேர் இருக்கும்வரை குழு தானாக ஓடும். வாட்ஸ்அப் அனுமதிக்கும் 1024 பேரை நெருங்கும்போது அட்மினுக்கு வேலை வந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. முதலில் அட்மின் பட்டியலைப் பாருங்கள். ஊர்ப் பெரியவர், மருந்துக்கடைக்காரர், மாப்பிள்ளை முறை என்று மரியாதைக்காகப் பன்னிரண்டு பேரை அட்மினாக்கி வைத்திருப்போம். வாட்ஸ்அப்பில் பெரிய அட்மின், சின்ன அட்மின் என்று கிடையாது. எந்த அட்மினும் யாரையும் நீக்கலாம், மற்ற அட்மின்களின் பதவியையும் பறிக்கலாம். குழுவைத் தொடங்கியவரை மட்டும் யாரும் நீக்க முடியாது. அவராக வெளியேறினால்தான் உண்டு. மூன்று பேர் போதும். மூவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இல்லாமல், ஒருவராவது ராத்திரி பத்து மணிக்கும் போன் எடுப்பவராக இருக்கட்டும். அந்த மூவரும் தங்கள் வாட்ஸ்அப்பில் Two-step verification பகுதிக்குப் போய் ஆறு இலக்க எண் ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும்.

2. ஒரே ஒரு அட்மின் என்றும் விட்டுவிடாதீர்கள். அவர் குழுவைவிட்டுப் போனால் உறுப்பினர்களில் யாரோ ஒருவர் தானாகவே அட்மின் ஆகிவிடுவார். அது யார் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

3. குழுவின் பெயரைத் தட்டி, கீழே Group permissions என்ற இடத்துக்குப் போங்கள். Edit group settings என்பதை அணைத்துவிடுங்கள். அது திறந்திருந்தால் உறுப்பினர் யார் வேண்டுமானாலும் குழுவின் பெயரையும் படத்தையும் மாற்றலாம். விளையாட்டுக்கு மாற்றுவது ஒரு பக்கம். மோசடிக்காரர்கள் செய்வதும் இதைத்தான். உறுப்பினர் ஒருவரின் கணக்கைப் பிடித்து, குழுவுக்கு வங்கியின் பெயரும் சின்னமும் வைத்துவிட்டு, பிறகு இணைப்பை அனுப்புவார்கள். பார்ப்பவர் வங்கியே அனுப்பியது என்று நம்பிவிடுவார். Add other members என்பதும் அட்மின் கையிலேயே இருக்கட்டும்.

4. காலை வணக்கப் படங்களைப் பற்றி. தை மாதம் கொள்முதல் நடக்கும்போது, ‘ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கவில்லை, காயவைத்துக் கொண்டுவாங்க’ என்ற ஒரு வரி, ரோஜாப்பூ படங்களுக்கு நடுவில் புதைந்து போகும். அதைப் பார்க்காதவர் டிராக்டர் வாடகை கொடுத்து வந்து திரும்புவார். திட்டிப் பயனில்லை. குழுவை இரண்டாக்குங்கள். முதல் குழு அறிவிப்புக்கு; Send new messages என்பதை அணைத்துவிட்டால் அட்மின் மட்டுமே எழுத முடியும். இரண்டாவது பேச்சுக்கு, அங்கே அவரவர் பாடு. பேச்சுக் குழுவையும் இரவு ஒன்பதுக்கு மூடிக் காலையில் திறக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் அதற்குத் தானியங்கி நேரம் இல்லை, அட்மின்தான் தினமும் கையால் செய்ய வேண்டும். ஒருவர் ஒரு பதிவு போட்டால் அடுத்ததற்கு இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் Slow mode வசதி டெலிகிராமில் உண்டு.  ஆனால் நம் மாமாக்களையும் சித்தப்பாக்களையும் டெலிகிராமுக்குக் கூட்டிப்போவது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

5. சேரும் இணைப்பை டீக்கடைப் போர்டில் ஒட்டாதீர்கள், முகநூலிலும் போடாதீர்கள். அந்த இணைப்புக்குக் காலக்கெடு இல்லை. நீங்கள் மாற்றும்வரை அது வேலை செய்துகொண்டே இருக்கும். 2020 பிப்ரவரியில் இப்படிப் பொதுவெளியில் கிடந்த குழு இணைப்புகள் கூகுள் தேடலிலேயே வந்து நின்றன. கியூஆர் படமும் அதே இணைப்புதான். பாதுகாப்பு ஒன்றும் கூடுதல் இல்லை.

இரண்டு காரியம் செய்யுங்கள். Approve new members என்பதை இயக்குங்கள். இனி இணைப்பு யார் கையில் இருந்தாலும் கோரிக்கையாகத்தான் வரும், நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் உள்ளே. அடுத்து, சேர்க்கை முடிந்ததும் Invite via link பகுதியில் Reset link என்பதைத் தட்டுங்கள். பழைய இணைப்பு அந்த நிமிடமே செத்துவிடும்.

கோரிக்கை வந்தால் எண்ணைப் பாருங்கள். +91 இல்லாமல் தொடங்கினால் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நம் பிள்ளையா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர் எண் என்றால், ‘எந்த ஊர், யார் வீடு?’ என்று ஒரு போன். பதில் இழுத்தால் தள்ளிவிடலாம்.

6. இனி முக்கியமானது. ராத்திரி எட்டு மணிக்கு குழுவில் ஒரு கோப்பு வருகிறது என்று வையுங்கள். பெயர் PM KISAN.apk. அனுப்பியவர் பக்கத்துத் தெருக்காரர், நல்ல மனிதர். அவர் அனுப்பவில்லை, அவர் போனில் ஏறிய திருட்டுச் செயலி அனுப்பியது. திறந்து நிறுவியவரின் போனில் குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு, வங்கி அனுப்பும் ஓடிபியை எடுப்பதுதான் அதன் வேலை. அட்மின் செய்ய வேண்டிய வரிசை இது.

முதலில் Send new messages என்பதை அணையுங்கள், ‘இது என்னப்பா?’ என்று கேட்டு வரும் பதிவுகளில் எச்சரிக்கை மறையாது. பிறகு அந்தக் கோப்பை அழுத்திப் பிடித்து Delete for everyone கொடுங்கள். 2022 முதல் அடுத்தவர் பதிவையும் அட்மின் இப்படி நீக்க முடிகிறது. ஆனால் ஏற்கெனவே இறக்கி நிறுவிவிட்டவர் போனிலிருந்து அது போகாது. ஆகவே உங்கள் குரலிலேயே, ‘அந்தப் பைலைத் தொடாதீங்க, தொட்டிருந்தா நெட்டை நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணுங்க’ என்று பதிவு போடுங்கள். எழுத்தைவிடக் குரலைத்தான் நம் ஆட்கள் கேட்பார்கள்.

அனுப்பியவரைத் தற்காலிகமாக நீக்குங்கள். காரணத்தைச் சாதாரண அழைப்பில் சொல்லுங்கள். அவருடைய வாட்ஸ்அப் இப்போது வேறொருவர் கையில் இருக்கலாம். சொல்லாமல் நீக்கினால் அது மனஸ்தாபமாகித் திருவிழா வரை போகும். போனைச் சுத்தம் செய்து வந்தபின் சேர்த்துக்கொள்ளலாம். யாருக்காவது பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு.

7. கொள்முதலுக்குப் பதிய சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் கேட்பார்கள். அவசரத்தில் சிலர் அதைப் படம் எடுத்துக் குழுவிலேயே போட்டுவிடுவார்கள். கண்ணில் பட்டதும் நீக்கிவிட்டு, உரியவருக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

8. ‘எவனோ போட்டதுக்கு என்னைப் பிடிப்பாங்களா?’ என்ற பயம் பலருக்கு உண்டு. கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றில் வந்த பதிவு தொடர்பான வழக்கில், அட்மினாக மட்டும் இருந்தவர் என்றால் அவர் பெயரைச் சேர்க்கக்கூடாது என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. அடுத்தவர் பதிவுக்கு அட்மின் பொறுப்பில்லை என்றே 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் சொன்னது. தூண்டிவிட்டவருக்கும் உடந்தையாக இருந்தவருக்கும் இது பொருந்தாது. சாதி, மதச் சண்டை கிளப்பும் பதிவு என்றால் யோசிக்காமல் நீக்குங்கள்.

இத்தனையையும் ஒரே நாளில் செய்ய முடியாவிட்டாலும், இன்று இரவே அட்மின் பட்டியலைக் குறைத்துவிட்டு இணைப்பை மாற்றிவிடுங்கள்.