பங்கா, கடனா?

கேள்வி: முன்னுரிமைப் பங்கும் பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரமும் முதலீடா, கடனா?

பதில்: இரண்டிலும் இரண்டும் கலந்திருக்கிறது, கலவைதான் வேறு.

முன்னுரிமைப் பங்குக்குக் கடன்போல நிலையான விகிதம் உண்டு. ஆனால் அது வட்டியல்ல, டிவிடெண்ட். லாபமில்லாத ஆண்டில் தராவிட்டால் வழக்குப் போட முடியாது. நம் கம்பெனிச் சட்டப்படி, 2 ஆண்டு டிவிடெண்ட் வராவிட்டால், எல்லாத் தீர்மானங்களிலும் வாக்குரிமை கிடைக்கும். கம்பெனி மூடினால் கடன்காரர்களுக்குப் பின், சாதாரணப் பங்குதாரருக்கு முன் உங்கள் முறை.

மாற்றத்தக்க பத்திரம் முழுக்கக் கடனாகவே பிறக்கிறது. 1,000 ரூபாய்ப் பத்திரத்தை 5 பங்குகளாக மாற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது, பங்கு ஒன்று 200 ரூபாய். சந்தை விலை 260 ஆனால் மாற்றுங்கள், கையில் 1,300. விலை 90 என்றால் யாரும் மாற்றமாட்டார்கள், முதிர்வில் 1,000 கேட்பார்கள். இந்தச் சலுகைக்காகத்தான் வட்டி குறைவு.

சிக்கலும் அங்கேதான். பங்கு விழுவது பெரும்பாலும் கம்பெனி நொடிக்கும்போது. எல்லாரும் ரொக்கம் கேட்பதும் அப்போதே. காற்றாலை நிறுவனமான சுஸ்லான், 2012 அக்டோபரில் இப்படி முதிர்ந்த சுமார் 20 கோடி டாலர் வெளிநாட்டுப் பத்திரங்களுக்குப் பணம் தர முடியாமல் தவறியது. வாங்குமுன் மாற்று விலையோடு கம்பெனியின் கடன் சுமையையும் பாருங்கள்.