வணிக அடையாளமும் அன்றாட விளம்பரமும்: எதற்கு எவ்வளவு?

ஐதராபாத்தில் மசாலாப் பொடி தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஆண்டு விற்பனை 24 லட்சம் ரூபாய். மூலப்பொருள், கூலி, பொட்டலச் செலவு ஆகியவை போக 100 ரூபாய்க்கு 25 ரூபாய் மிஞ்சுகிறது. உரிமையாளர் புதிய பெயர், சின்னம், அச்சிட்ட பொட்டலம் ஆகியவற்றிற்கு 3 லட்சம் செலவிட எண்ணுகிறார்.

கடை மாதிரிகளுக்கும் துண்டுப் பிரசுரங்களுக்கும் செலவிடும் பணம் அந்தந்த மாதத்திலேயே பலன் தருகிறதா என்பது தெரிந்துவிடும். அடையாளச் செலவோ ஒருமுறை செய்து பல ஆண்டுகள் பயன்படுத்துவது. ஆகவே அதனை ஐந்தாண்டுகளுக்குப் பகிர்ந்து பார்க்க வேண்டும். 3 லட்சம் என்பது ஆண்டுக்கு 60,000 ரூபாய். இதனை ஈடுகட்ட, 25 விழுக்காட்டு மிச்சத்தில், ஆண்டுதோறும் 2,40,000 ரூபாய்க்குக் கூடுதல் விற்பனை தேவை.

மொத்த விற்பனையில் இது பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் இந்நிறுவனத்தின் சரக்கில் 70 விழுக்காடு உணவகங்களுக்கு மூட்டையாகச் செல்கிறது. உணவகச் சமையலாளர் சின்னத்தைப் பார்த்து மிளகாய்ப் பொடி வாங்குவதில்லை. எஞ்சிய 7,20,000 ரூபாய்ச் சில்லறை விற்பனையே மூன்றில் ஒரு பங்கு உயர வேண்டும். அவ்வளவு எதிர்பார்ப்பது மிகை.

செலவை 60,000 ரூபாயாகக் குறைத்தால், ஆண்டுக்கு 48,000 ரூபாய்க் கூடுதல் விற்பனை போதும்; அதாவது சில்லறை விற்பனையில் ஏறத்தாழ 7 விழுக்காடு. இது எட்டக்கூடியது. வெற்றுப் பையில் நல்ல ஒட்டுச்சீட்டு ஒட்டுவதே தொடக்கத்திற்குப் போதுமானது. அச்சிட்ட பைகளுக்கு ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனி உருளை செய்ய வேண்டும். குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டும் தரமாட்டார்கள். பின்னர் பெயர் மாறினால் உருளைகளும் பைகளும் வீண்.

பெயர் மாறும் நிலை வருவது அரிதன்று. அதனால் அச்சிடுவதற்கு முன் வணிகக்குறிப் பதிவேட்டில் அதே பெயரோ ஒத்த பெயரோ உள்ளதா எனத் தேடிப் பார்க்க வேண்டும். உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனம் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். இந்த ஒரு செலவை மட்டும் நான் தள்ளிப்போடச் சொல்வதில்லை. பிறருடைய பெயரை ஒத்த பெயருக்கு விளம்பரம் செய்தால் அப்பணம் அவருக்கே பயன்படும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நடைமுறை மூலதனக் கடனில் எடுக்கக்கூடிய தொகை, சரக்கிருப்பையும் வரவேண்டிய பாக்கியையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. சின்னத்திற்குச் செலவிட்ட தொகை அதில் சேராது. அக்கடனிலிருந்து 3 லட்சம் எடுத்துவிட்டால், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை குண்டூர் சந்தைக்கு மிளகாய் வரத்து மிகும் வேளையில் கொள்முதலுக்குப் பணம் இராது.

ஓராண்டு கழித்துக் கடைக்காரர்களிடம் கேட்டறிக. வாங்குவோர் "அந்த மஞ்சள் பொட்டலம்" என்று கேட்கிறார்களா, பெயர் சொல்லிக் கேட்கிறார்களா? பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கிய பின்னர் அச்சிட்ட பைகளுக்கு உருளை செய்யலாம்.