ஐவர் கூடிச் செய்யும் ஒப்படைப்பு

நம்பிக்கை: வேலையை ஐந்து சமபாகமாக வகுத்துவிட்டால் நியாயமும் நிலைக்கும், காரியமும் முடியும்.

பொருளாதாரம் பயிலும் ஐந்து மாணவர்களுக்கு, உழவர் சந்தையின் காய்கறி விலையையும் அதே பேட்டைக் கடைகளின் விலையையும் ஒப்பிட்டு, வாங்க வருவோர் 60 பேரை விசாரித்து, 28-ஆம் தேதிக்குள் கூட்டாக ஓர் அறிக்கை சமர்ப்பிக்கும்படி மாதத்தின் முதல் நாளன்று ஆசிரியர் பணித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வினாப்பட்டியல் ஒருவருக்கு, கள விசாரணை ஒருவருக்கு, பழைய நூல்களைப் பார்த்து முன்னுரை எழுதுவது ஒருவருக்கு, அட்டவணைகள் ஒருவருக்கு, தொகுத்தெழுதுவது ஒருவருக்கு என்று அவர்கள் அன்று மாலையே பிரித்துக்கொள்வார்கள். பார்வைக்கு இது சமநீதிதான். ஆனால் வினாப்பட்டியல் முடியாமல் விசாரணை தொடங்காது, விசாரணை முடியாமல் அட்டவணை பிறக்காது. ஆகவே அட்டவணைக்காரர் பாதி மாதம் கைகட்டி உட்கார்ந்திருக்க, சந்தைக்குப் போனவர் ஒருவராகவே அறுபது பேரைத் தேடி அலைய, தொகுப்பவரோ கடைசி இரவில் எல்லார் பாரத்தையும் சுமக்கிறார்.

உண்மையில் பிரிக்கவேண்டியது பொறுப்பை. உழைப்பு எங்கே குவிகிறதோ அங்கே ஐவரும் இறங்கவேண்டும். விசாரணை வாரத்தில் தலைக்கு 12 பேர் வீதம் ஐவரும் சந்தைக்குப் போகலாம். ஆயினும் அறுபது படிவங்களும் நிரம்பி வந்தனவா என்பதற்கு ஒருவரே உத்தரவாதி. இவ்வாறு ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு பெயர் வேண்டுவதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் மாக்ஸ் ரிங்கல்மன் 1913-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, தனியே கயிறு இழுக்கும்போது ஒருவன் செலுத்தும் விசையை 100 என்று கொண்டால், ஐவர் சேர்ந்து இழுக்கும்போது தலைக்குக் கிடைத்தது ஏறக்குறைய 70 மாத்திரமே. ஒருவர் இழுப்பும் மற்றவர் இழுப்பும் ஒரே கணத்தில் இசையாமை ஒரு காரணம். பிறர் இழுக்கிறார்களே என்ற மெத்தனம் மற்றொன்று. சோம்பேறி என்று நண்பனைத் தூற்றுமுன் இதை நினைவில் கொள்வது நலம்.

நம்பிக்கை: 28-ஆம் தேதிதான் கெடு.

அது ஆசிரியரின் கெடு. மாணவரின் கெடுக்கள் அதிலிருந்து பின்னோக்கி எண்ணப்பட வேண்டியவை. 27 வெற்று நாள், 26 அச்சும் கட்டுமானமும், 25 ஐவரும் முழு அறிக்கையை வாசிக்கும் நாள், 21 முதல் 24 வரை ஒரே கையின் செப்பம், 20-க்குள் அத்தியாய வரைவுகள், 17-க்குள் அட்டவணைகள், 8 முதல் 14 வரை சந்தை, 7-க்குள் திருத்திய வினாப்பட்டியல். இந்தக் கெடுக்களில் "முடிந்தது" என்ற சொல்லுக்கு இடங்கொடாமல், கைம்மாறக்கூடிய பொருளையே குறிப்பிடவேண்டும்: "வினாப்பட்டியல் தயார்" என்பது பேச்சு, "ஐந்து பேரிடம் கேட்டுப் பார்த்துத் திருத்திய பட்டியலின் 60 பிரதிகள்" என்பது கெடு. வெற்று நாளை ஆடம்பரமென்று எண்ணுவோருக்கு ஒரு தகவல்: கனடாவில் பட்டப்படிப்பு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களை விசாரித்து 1994-இல் வெளியான ஆய்வில், அவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்று மதிப்பிட்டார்கள், பிடித்ததோ சுமார் 55 நாள்.

நம்பிக்கை: அவரவர் பகுதியை அவரவர் சரியாக முடித்தால், ஒட்டிச் சேர்ப்பது ஒரு மணி நேர வேலை.

இந்த மூன்றாவதுதான் மிகவும் துரோகமானது, ஏனெனில் இதில் யாரும் தவறு செய்வதில்லை. ஒருவர் தக்காளியைக் கிலோ விலையில் குறித்திருப்பார், மற்றொருவர் கடைக்காரர் சொன்னபடி கால் கிலோவுக்கு எழுதியிருப்பார், கீரையை ஒருவர் கட்டாகவும் ஒருவர் எடையாகவும் கணக்கிட்டிருப்பார். போதாக்குறைக்குச் சந்தை விலை செவ்வாய்க்கிழமையுடையதாகவும் கடை விலை வெள்ளிக்கிழமையுடையதாகவும் இருக்கும். தனித்தனியே எல்லாம் சரி. சேர்த்தால் ஒப்பீடே பொய். அலகும் தேதியும் எழுதப்படாத படிவத்தை 20-ஆம் தேதிக்குமேல் எவராலும் திருத்த முடியாது. அன்றைய விலை அன்றோடு போய்விட்டது. ஆகையால் சந்தை வேலையின் இரண்டாம் நாள் இரவே, நிரம்பிய முதல் பத்துப் படிவங்களை ஒரே அட்டவணையில் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். ஒரே காய்க்கு ஒருவர் குறித்த விலை மற்றவருடையதில் நான்கில் ஒரு பங்காக நின்றால், குற்றம் வியாபாரியிடமில்லை, அலகில்தான் என்பது அப்போதே புலப்படும். மீண்டும் போய்க் கேட்க இன்னும் ஐந்து நாள் மிச்சமிருக்கும்.

இவ்வளவு திட்டமிட்டும் ஒருவர் பின்தங்கினால், அவர் பொறுப்பைக் கெடு நாளன்றே வெளிப்படையாக வேறொருவர் பெயருக்கு மாற்றி எழுதுங்கள். 27-ஆம் தேதி நள்ளிரவில் நால்வர் கூடி ஐந்தாமவரின் அத்தியாயத்தை எழுதுவதைவிட, 20-ஆம் தேதி ஒரு கசப்பான பேச்சு மேலானது.