துக்கச் செய்தி: போனா, எழுத்தா, வாய்ஸ் நோட்டா?

அந்தியூரில் அப்பா தவறிவிட்டார். மகன் திருப்பூரில் வேலையில் இருக்கிறார். இதைப் போனில்தான் சொல்ல வேண்டும். எடுத்ததும், “வண்டி ஓட்டறீங்களா? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?” என்று கேளுங்கள். ஓட்டினால், ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள்.

எடுக்கவில்லையா? “அவசரம், உடனே கூப்பிடுங்க” என்று மட்டும் எழுதுங்கள். பூட்டிய திரையிலும் முதல் வரி தெரியக்கூடும். சாவுச் செய்தியை அதில் போடாதீர்கள். வாய்ஸ் நோட் வேண்டவே வேண்டாம். பஸ்ஸில் ஸ்பீக்கரில் ஒலித்தால் எல்லோருக்கும் கேட்கும், அழுகையில் பாதி புரியாது, சந்தேகத்தை உடனே கேட்கவும் வழியில்லை.

உடலை எடுக்கும் நேரம், இடம் இரண்டையும் பேசிய பிறகு எழுத்தில் அனுப்புங்கள். அதிர்ச்சியில் கேட்டது மனதில் நிற்காது. மகனுக்குச் சொன்ன பிறகே சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். ஆறுதல் சொல்ல, சில நாள் கழித்து வாய்ஸ் நோட் அனுப்பலாம்.